K சின்னது, அப்படியானால் x-ம் சின்னது இல்லையா? என் மகளுக்கு 8.7 வருகிறது

தேவகோட்டை_அப்பச்சி | 2024 நவம்பர் 9, இரவு 9.40

மகள் பதினோராம் வகுப்பு. வேதிச் சமநிலைப் பாடத்தில் பள்ளித் தேர்வு, ஒரு கணக்குக்கு முட்டை. ஒரு லிட்டர் மூடிய குடுவையில் 0.200 மோல் NO2 மட்டும் இருக்கிறது, 25 டிகிரி. N2O4 ⇌ 2NO2 என்கிற வினைக்குச் சமநிலை மாறிலி K = 0.0046. சமநிலையில் இரண்டின் செறிவும் கேட்டிருக்கிறார்கள்.

அவள் அட்டவணை போட்டாள். தொடக்கம், மாற்றம், சமநிலை என்று மூன்று வரி. "K சின்னதாக இருந்தால் x-ம் சின்னது, கழித்தலில் விட்டுவிடலாம்" என்று வகுப்பில் சொன்னார்களாம். அதன்படி விட்டுவிட்டாள். x = 8.7 என்று வந்தது. குடுவையில் இருந்ததே 0.2. சிவப்பு மையில் ஒரு கோடு, விளக்கம் எதுவும் இல்லை. சொல்லிக்கொடுத்தபடிதானே செய்தாள், எங்கே தப்பு?

நான் பி.காம். வட்டிக் கணக்கு கேளுங்கள், சொல்வேன்.

---

செக்காலை_டியூஷன் | நவம்பர் 9, இரவு 10.25

அட்டவணை சரியாகத்தான் இருக்கும். சொல்லிக்கொடுத்த வாக்கியத்தில்தான் பாதி விட்டுப்போயிருக்கிறது. அவள் போட்டது இப்படி இருந்திருக்கும்:

```
            N2O4      2NO2
தொடக்கம்    0         0.200
மாற்றம்     +x        -2x
சமநிலை     x         0.200-2x
```

K-இல் NO2 மேலே, அதுவும் இருபடியாக. N2O4 கீழே. ஆக (0.200−2x)² / x = 0.0046. இதில் 2x-ஐ விட்டால் 0.04 / x = 0.0046. x = 8.7. பெருக்கல் வகுத்தலில் குறை இல்லை.

K சின்னது என்றால் என்ன அர்த்தம்? இந்தக் குடுவை N2O4 பக்கமே இருக்க விரும்புகிறது என்று அர்த்தம். அவள் தொடங்கியதோ எதிர்ப்பக்கத்தில், NO2 மட்டும் இருக்கும் இடத்தில். அங்கிருந்து பார்த்தால் போகவேண்டிய தூரம் சின்னது இல்லை, கிட்டத்தட்ட முழுத் தூரம். "x சின்னது" என்கிற பேச்சு வினைபடுபொருள் பக்கத்தில் நின்று புறப்படுகிறவர்களுக்குத்தான் பொருந்தும்.

வழி எளிது. முதலில் இருக்கிற NO2 முழுவதையும் N2O4 ஆக்கிவிடுங்கள், மனசில்தான். 0.200 NO2, 0.100 N2O4 ஆகும். சமநிலைக்கு எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்கிற நினைவு கிடையாது. அப்புறம் புது அட்டவணை:

```
            N2O4        2NO2
தொடக்கம்    0.100       0
மாற்றம்     -x          +2x
சமநிலை     0.100-x     2x
```

4x² / 0.100 = 0.0046. x = 0.0107. NO2 = 0.0214, N2O4 = 0.0893. முடிந்தது.

---

மூணாம்பெஞ்ச் | நவம்பர் 9, இரவு 11.02

இவ்வளவு சுற்று எதற்கு? கால்குலேட்டரில் இருபடிச் சமன்பாடு தீர்க்கும் பொத்தான் இருக்கிறது. முதல் அட்டவணையையே விரித்துப் போட்டால் 4x² − 0.8046x + 0.04 = 0. நான் தட்டினேன், x = 0.111. தோராயமே வேண்டாம்.

இன்னொன்று, K 0.001-க்குக் கீழே இருந்தால்தான் x-ஐ விடலாம் என்று எங்கள் கல்லூரியில் சொன்னார்கள். இங்கே 0.0046, அதனால் விடக்கூடாது. தப்பு அங்கேதான்.

---

கல்யாண_கான்ட்ராக்ட் | நவம்பர் 10, காலை 6.15

தலைப்பைப் பார்க்காமல், கீழே 'ஐஸ் அட்டவணை' என்று யாரோ தேடி வந்ததைப் பார்த்து உள்ளே வந்தேன். கல்யாணத்துக்கு ஐஸ்கிரீம் மேசை எத்தனை பேருக்கு எத்தனை என்று ஒரு கணக்கு வைத்திருப்போம், அதுதானோ என்று நினைத்தேன். இது வேறு ஐஸ் போலிருக்கிறது.

ஆனால் பள்ளியில் இந்தப் பழுப்பு வாயுவைக் கண்ணாடிக் குமிழில் அடைத்துக் காட்டினார்கள். வெந்நீரில் வைத்தால் கருத்துப்போகும், ஐஸில் வைத்தால் வெளுத்துப்போகும். அது இதுதானா?

---

செக்காலை_டியூஷன் | நவம்பர் 10, காலை 7.50

அதேதான். NO2 பழுப்பு, N2O4-க்கு நிறமில்லை. ஐஸில் K இன்னும் சின்னதாகிறது, அதனால் பழுப்பு குறைகிறது. எனவே 0.0046 என்பது 25 டிகிரிக்கு மட்டும். வேறு வெப்பநிலை கொடுத்தால் வேறு K வேண்டும். ஐஸ் என்பது இங்கே மூன்று வரிகளின் ஆங்கில முதலெழுத்து, அவ்வளவுதான்.

மூணாம்பெஞ்ச் தம்பிக்கு: உங்கள் 0.111-ஐத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 0.200 − 2×0.111 = −0.022. செறிவு கழித்தல் குறியில் வருமா? அந்தச் சமன்பாட்டுக்கு விடை இரண்டு, இரண்டுமே நேர்க்குறி. இன்னொன்று 0.0898. முதலில் திரையில் வந்ததை எடுத்துவிட்டீர்கள். துல்லியமான வழியிலும் பள்ளம் உண்டு.

---

மூணாம்பெஞ்ச் | நவம்பர் 10, காலை 8.05

ஆமாம், அது என் தப்பு. ஆனால் 0.0898 என்றால் NO2 0.0203. நீங்கள் சொன்னது 0.0214. இப்போது யார் தப்பு?

---

தேவகோட்டை_அப்பச்சி | நவம்பர் 10, காலை 9.30

இதையேதான் மகளும் கேட்கிறாள். சார் விடையை K-இல் திருப்பிப் போட்டாளாம். 0.0214-இன் இருபடி வகுத்தல் 0.0893, அது 0.0051 வருகிறது. 0.0046 வரவில்லை. "சாருக்கும் முட்டையா?" என்கிறாள். நான் சொல்லவில்லை, அவள்தான்.

---

செக்காலை_டியூஷன் | நவம்பர் 10, இரவு 8.10

போடட்டும், நியாயம்தான். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் 'முடிந்தது' என்று எழுதிவிட்டேன். முடியவில்லை. பதினாறு வருஷமாகப் பிள்ளைகளிடம் 'விட்டதைத் திரும்பிப் பார்' என்று கத்துகிறவன் நான்.

0.100 − x என்கிற இடத்தில் x-ஐ விட்டேன். விட்ட x எவ்வளவு? 0.0107. எதிலிருந்து? 0.100-லிருந்து. நூற்றுக்குப் பத்தேமுக்கால். ஐந்துக்குள் இருந்தால் விடலாம் என்பது வழக்கம், இது இரண்டு மடங்கு. பக்கம் மாறியதும் x சின்னதாகிவிட்டது உண்மை, ஆனால் விடுகிற அளவுக்குச் சின்னதாகவில்லை.

இருபடிச் சமன்பாட்டுக்குப் போகவேண்டியதில்லை. கிடைத்த 0.0107-ஐ வீசாமல் கழித்தலில் மட்டும் போடுங்கள். 0.100 − 0.0107 = 0.0893. இப்போது 4x² = 0.0046 × 0.0893. x = 0.01013. மறுபடி 0.100 − 0.01013 = 0.08987, அதிலிருந்து x = 0.01017. இன்னொரு தடவை போட்டால் மூன்று இலக்கம் அசையாது. 0.0102. NO2 = 0.0203, N2O4 = 0.0898. திருப்பிப் போட்டால் 0.0046.

கவனித்தால், முதல் விடை அதிகம், இரண்டாவது கொஞ்சம் குறைவு, மூன்றாவது மயிரிழை அதிகம். ஊஞ்சல் நிற்பதுபோல வீச்சு குறைந்துகொண்டே வரும். வீச்சு பெரிதாகிக்கொண்டே போனால் தப்பான பக்கத்தில் நின்று தொடங்கியிருக்கிறோம் என்று சந்தேகப்படலாம். ஆனால் பக்கம் சரியாக இருந்து K பெரிதாக இருந்தாலும் அப்படி வரும், ஆகவே அதை முழு அடையாளமாக எடுக்கவேண்டாம்.

---

கல்யாண_கான்ட்ராக்ட் | நவம்பர் 10, இரவு 9.00

ஒரே x-ஐ ஓர் இடத்தில் இல்லை என்கிறீர்கள், இன்னோர் இடத்தில் இருக்கிறது என்கிறீர்கள். எங்கள் தொழிலில் இப்படிச் செய்தால் கணக்குப்பிள்ளை சும்மா விடமாட்டார்.

இல்லை, யோசித்தால் நாங்களும் செய்கிறோம். முந்நூறு பேர் பந்தியில் மூன்று பேர் வரவில்லை என்று உலையில் அரிசியைக் குறைக்க மாட்டோம். ஆனால் பெண் வீட்டார் வந்து 'வராதது எத்தனை பேர்?' என்று கேட்டால் 'யாருமில்லை' என்று சொல்ல முடியாது, மூன்று என்றுதான் சொல்லவேண்டும்.

---

செக்காலை_டியூஷன் | நவம்பர் 10, இரவு 9.20

அண்ணே, இதை நாளைக்கு வகுப்பில் சொல்லப்போகிறேன். முந்நூற்றோடு கூட்டிக் கழிக்கும்போது மூன்று தெரியாது. தனியாக நின்றால் அந்த மூன்றுதான் விடை. பெருக்கலில் இருக்கிற x-ஐயும் பூஜ்யமாக்கி 'NO2 இல்லை' என்று எழுதுகிற பிள்ளை வருஷத்துக்கு ஒன்றாவது வரும்.

---

ஓய்வு_ஆய்வகம் | நவம்பர் 11, பகல் 2.30

காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மூன்று விஷயம், நீளமாக எழுத மாட்டேன் என்று நினைத்துத்தான் உட்காருகிறேன்.

மூணாம்பெஞ்ச் சொன்ன '0.001-க்குக் கீழே' என்பதில் பாதிதான் உண்மை. K மட்டும் போதாது தம்பி, தொடங்கிய செறிவும் சேர்ந்துதான் தீர்மானிக்கும். அசெட்டிக் அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் K 0.000018. உங்கள் கணக்குப்படி எப்போதும் விடலாம். 0.10 மோலாரில் x 0.0013, நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை, விடலாம். அதையே 0.0010 மோலாருக்குக் கரைத்தால் தோராய விடை 0.000134. அது நூற்றுக்குப் பதின்மூன்று. அதே அமிலம், அதே K. நீர்க்க நீர்க்க இன்னும் பெரிய பங்கு பிரிந்துவிடும். அதனால்தான் செறிவை K-ஆல் வகுத்து 400-க்கு மேல் வருகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். 400-இன் வர்க்கமூலம் 20, இருபதில் ஒன்று என்பது ஐந்து சதவீதம். வேறு மந்திரம் இல்லை.

ஆனால் அந்த 400 அமிலக் கணக்குக்கு. உங்கள் N2O4-இல் 2x இருபடியாகி 4 வந்துவிடுகிறது, அங்கே 100 போதும். உங்களுக்கு 0.100 / 0.0046, ஏறக்குறைய 22. எழுதத் தொடங்குமுன்பே விடமுடியாது என்று தெரிந்திருக்கும்.

இரண்டாவது, ஐந்து சதவீதம் விட்டால் விடையில் ஐந்து சதவீதம் பிழை என்று நினைக்கிறார்கள். இல்லை, ஏறக்குறைய அதில் பாதிதான். அந்த நீர்த்த அமிலத்துக்குச் சரியான விடை 0.000125. பதின்மூன்று சதவீதத்தை விட்டும் பிழை ஏழு சதவீதம்தான். வர்க்கமூலம் எடுக்கும்போது பிழை பாதியாகிவிடுகிறது.

மூன்றாவது குசும்பு. கணக்கு கணக்காகச் சரி. நிஜத்தில் ஒரு லிட்டரில் இவ்வளவை அடைத்தால் அழுத்தம் இரண்டரை வளிமண்டலத்துக்கு மேல் வரவேண்டும். N2O4 21 டிகிரியிலேயே கொதிக்கிற பொருள், 25-இல் அது அவ்வளவு அழுத்தம் தாங்காது. கொஞ்சம் திரவமாகிக் குடுவை அடியில் நிற்கும். கேள்வித்தாள் எழுதியவர் குடுவையைப் பார்த்ததில்லை.

---

மூணாம்பெஞ்ச் | நவம்பர் 11, மாலை 4.10

சரி ஐயா, 400 ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் புத்தகத்தில் 1000, சீனியர் குறிப்பில் 100. எதை எழுதுவது?

---

ஓய்வு_ஆய்வகம் | நவம்பர் 11, மாலை 6.45

திருத்துகிறவர் எதைக் கேட்கிறாரோ அதை. நான் எதையும் எழுதமாட்டேன். விட்டுப் பார்ப்பேன், கிடைத்ததைத் தொடக்கச் செறிவோடு ஒப்பிடுவேன், பெரிதாக இருந்தால் இன்னொரு சுற்று போவேன். K-ஏ இரண்டு இலக்கத்துக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். கரைசலில் உப்பு கொஞ்சம் கூடினாலே அந்த இரண்டாவது இலக்கம் ஆடும். அதன்மேல் நின்று நாலு இலக்கத்துக்கு விடை எழுதுவதில் எனக்கு விருப்பமில்லை.

---

ஊறுகாய்_ஆச்சி | நவம்பர் 12, காலை 11.20

அசெட்டிக் அமிலம் என்று பார்த்ததும் கேட்கிறேன், கோபிக்கவேண்டாம். மாகாளி, நார்த்தங்காய் எல்லாம் உப்பு ஊறுகாய். இளசுகள் கேட்கிறார்கள் என்று வெங்காயம், பச்சைமிளகாயை வினிகரில் போட்டும் விற்கிறேன். புட்டியில் 4 சதவீதம் என்று இருக்கும். போன மாசம் ஒரு தொகுதிக்கு வினிகர் பற்றவில்லை, சம அளவு தண்ணீர் சேர்த்தேன். நிறம் மாறும் தாளை நனைத்துப் பார்த்தேன், முன்னே இருந்த அதே நிறம். புளிப்பு குறையவில்லை என்று தைரியமாக மூடிவைத்தேன். மூன்றாம் வாரம் மேலே பூஞ்சை. தாள் பொய் சொல்லுமா?

---

செக்காலை_டியூஷன் | நவம்பர் 12, இரவு 8.40

ஆச்சி, தாள் பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரிந்ததைச் சொன்னது. 4 சதவீதம் என்றால் லிட்டருக்கு 40 கிராம், 0.67 மோலார். அட்டவணை போட்டால் x = 0.0035. பிரிந்தது நூற்றுக்கு அரை, மீதி தொண்ணூற்றொன்பதரை பிரியாத அமிலம். இங்கே தோராயம் கண்ணை மூடிக்கொண்டு செல்லும்.

பாதியாகக் கரைத்தீர்கள். 0.33 மோலார். x = 0.00245. அமிலம் பாதியானது, பிரிந்த ஹைட்ரஜன் அயனி பாதியாகவில்லை, 1.4-ஆல் வகுத்த அளவுக்குத்தான் குறைந்தது. பி.எச். கணக்கில் 0.15. அந்தத் தாளில் இது தெரியாது.

பூஞ்சையைத் தடுப்பதில் பெரிய வேலை பார்ப்பது பிரியாத அமிலம். அது நிஜமாகவே பாதியாகிவிட்டது. தாள் அளப்பது x-ஐ, உங்களைக் காப்பாற்றுவது 0.67 − x. நாம் இவ்வளவு நேரம் விடுவதா வேண்டாமா என்று சண்டை போட்ட இடம் அதுதான்.

வெங்காயத்தின் தண்ணீரும் ஊறி இன்னும் நீர்த்திருக்கும், அதனால் 0.33-ம் இருந்திருக்காது. ஈரக் கரண்டி போட்டார்களா, மூடி சரியில்லையா என்பதெல்லாம் எனக்குத் தெரியாத கதை.

---

ஊறுகாய்_ஆச்சி | நவம்பர் 12, இரவு 9.15

கரண்டி காய்ந்த கரண்டிதான், நானே எடுத்தேன். தண்ணீர் சேர்த்தது தப்பு என்பதுவரை புரிந்தது. அந்த வினிகர் ஆத்தங்குடி தரையில் சிந்தி அந்த இடம் மங்கிப்போனது தனி வருத்தம்.

---

ஓய்வு_ஆய்வகம் | நவம்பர் 13, காலை 10.00

சிமெண்ட் ஓடு, சுண்ணாம்பு இருக்கும், அமிலம் தின்னும். அங்கே சமநிலை அட்டவணை வேண்டாம் ஆச்சி, அது திரும்பி வராத வினை.

டியூஷன் தம்பி சொன்னதில் ஒரு எல்லை சேர்த்துக்கொள்ளுங்கள். நீர்த்துக்கொண்டே போய் லிட்டருக்குப் பத்து லட்சத்தில் ஒரு மோல் பக்கம் வந்தால், தண்ணீரின் சொந்த ஹைட்ரஜன் அயனியும் கணக்கில் நுழைகிறது. தொடக்க வரியில் பூஜ்யம் போட்டோமே, அதுவே அங்கே சரியில்லை. x-ஐ விடலாமா என்பது அங்கே இரண்டாவது கேள்வி.

---

தேவகோட்டை_அப்பச்சி | நவம்பர் 14, இரவு 9.05

பள்ளியில் போய்க் கேட்டேன். விடை தப்பு, மதிப்பெண் இல்லை என்றார்கள். அட்டவணைக்காவது ஒன்று போடலாமே என்றேன். பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று வட்டிக்கடை வீட்டில் பிறந்த எனக்குத் தெரியும்.

மகள் ஒன்று செய்து பார்த்திருக்கிறாள். 0.050 N2O4, 0.100 NO2 என்று இரண்டையும் கலந்து தொடங்கினால் என்ன என்று. NO2 எல்லாவற்றையும் அந்தப் பக்கம் தள்ளினால் மறுபடி 0.100 N2O4 வந்துவிடுகிறதாம், அப்புறம் அதே 0.0203. "மொத்த நைட்ரஜன் மாறவில்லை அப்பச்சி, பிறகு விடை எப்படி மாறும்" என்றாள். இது சரியா?

---

செக்காலை_டியூஷன் | நவம்பர் 14, இரவு 9.30

சரி. என் வகுப்பில் யாரும் கேட்காமல் இதைச் செய்ததில்லை.

---

மூணாம்பெஞ்ச் | நவம்பர் 14, இரவு 11.40

K ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால்? எந்தப் பக்கம் தள்ளினாலும் x சின்னதாகாதே.

---

செக்காலை_டியூஷன் | நவம்பர் 15, காலை 6.50

அப்போது உங்கள் பொத்தானை அழுத்துங்கள் தம்பி. இரண்டு விடையையும் பாருங்கள்.